ஐம்பத்தைந்து சதவீதம் இழுபடும் தையல்

ஒற்றைத் துண்டு நீச்சலுடை ஒன்றை மேசைமேல் பரப்பி, இழுக்காமல் இடைப்பகுதியின் சுற்றளவை அளக்கிறோம். 62 சென்டிமீட்டர் வருகிறது. அதை அணியப்போகும் பெண்ணின் சீட் சுற்றளவு 96 சென்டிமீட்டர். உடையில் ஜிப் இல்லை, பட்டன் இல்லை. காலில் நுழைந்து மேலே ஏறித்தான் அந்த இடைப்பகுதி தன் இடத்துக்கு வந்து சேரவேண்டும். வருகிற வழியில் உடம்பின் அகன்ற பகுதியைத் தாண்டியாக வேண்டும். 62-ஐ 96 ஆக்குவதற்கு 34 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். அதாவது சுமார் 55 சதவீத நீட்சி. தாண்டிய அடுத்த நொடியே சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். ஒவ்வொரு முறை போடும்போதும் கழற்றும்போதும் இது நடக்கிறது.

இந்த 55 சதவீதத்தைத் துணியிடம் மட்டும் கேட்டால் போதாது. உள்ளே வைத்த லைனிங்கும், விளிம்பில் வைத்த எலாஸ்டிக்கும், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நூலும் அதே 55-ஐக் கொடுத்தாக வேண்டும். துணி நூறு சதவீதம் இழுபடக்கூடியதாக இருந்தாலும், அதைச் சேர்த்த தையல் முப்பதில் நின்றுவிட்டால் உடையின் நீட்சி முப்பதுதான். மீதி எழுபதுக்குக் கொடுத்த காசு வீண். நீச்சலுடை தைக்கிறவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கில் வந்து முடிகின்றன. ஆகவே 62, 96, 55 என்ற மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டு உடையின் ஒவ்வொரு உறுப்பாகப் பார்ப்போம்.

முதலில் துணி. கடையில் நீச்சலுடைத் துணி என்று கிடைப்பது பெரும்பாலும் நைலான் 80, ஸ்பான்டெக்ஸ் 20 என்ற கலவையில் பின்னப்பட்ட துணி. நாம் லைக்ரா என்று பொதுவாகச் சொல்வது இந்த ஸ்பான்டெக்ஸின் ஒரு வணிகப் பெயர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958-இல் இதை உருவாக்கினார். ஒரே மூலக்கூறு இழையில் மென்மையான பகுதியும் கெட்டியான பகுதியும் மாறி மாறி வருவதுதான் இதன் சூட்சுமம். மென்மையான பகுதிகள் தளர்ந்து சுருண்டு கிடக்கும், இழுத்தால் விரியும். கெட்டியான பகுதிகள் பக்கத்து இழைகளின் கெட்டியான பகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கும். இழைகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போய்விடாமல் தடுப்பது இந்தக் கைகோப்பின் வேலை. விட்டவுடன் பழைய இடத்துக்கு இழுத்து வருவது, மறுபடி சுருளும் மென்மையான பகுதிகளின் வேலை. நைலானை வாங்கும்போது பளபளப்பையும் வலிமையையும் வாங்குகிறோம். சுருங்கித் திரும்பும் குணம் முழுக்க அந்த 20 சதவீதத்திடம் இருக்கிறது.

துணியை வாங்குவதற்கு முன் அதன் நீட்சியை அளப்பது எளிது. ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி, துணியை மடித்து, மடிப்பில் 10 சென்டிமீட்டருக்கு இரண்டு குறி போட்டு, ஸ்கேலின்மேல் வைத்து இழுக்க வேண்டும். வலிந்து இழுக்காமல் 16 சென்டிமீட்டருக்கு வந்தால் 60 சதவீதம். நமக்கு அது போதும். இழுத்த நிலையிலேயே சற்று நேரம் பிடித்திருந்து விட வேண்டும். 10-க்கே திரும்பினால் நல்ல துணி. பத்தரையில் நின்றுவிட்டால் அந்தத் துணியில் தைத்த உடை நாலைந்து முறை நீரில் இறங்கியதும் பின்பக்கம் தொங்கத் தொடங்கும். நீளவாக்கில், குறுக்குவாக்கில் என்று இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எது அதிகம் இழுபடுகிறதோ அது உடம்பைச் சுற்றி வரும்படி வெட்ட வேண்டும்.

அடுத்து நூல். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஏனென்றால் இழுபடாத ஒரு பொருளை வைத்து இழுபடும் தையலை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

சாதாரண தையல் மெஷினில் 2.5 மில்லிமீட்டர் நீளத்தில் போடும் நேர்த்தையலில் நூல் ஏறக்குறைய நேர்கோடாகவே படுத்திருக்கிறது. ஒவ்வொரு குத்திலும் மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்வதற்காகக் கொஞ்சம் நூல் துணியின் தடிமனுக்குள் இறங்குகிறது. நூலுக்கென்று சொந்தமாகச் சிறிது நீட்சியும் உண்டு. இரண்டையும் சேர்த்தாலும் 25, 30 சதவீதத்துக்கு மேல் அந்தத் தையல் தாங்காது. நம் உடையின் இடைப்பகுதியில் இரண்டு நிறத் துணிகளைச் சேர்க்கும் குறுக்குத் தையல் ஒன்று நேர்த்தையலாக இருந்தால், முதல் முறை போடும்போதே சீட்டுக்கு வருவதற்குள் ‘பட் பட்’ என்று நூல் தெறிக்கும் சத்தம் கேட்கும். துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தையல்தான் பிரிந்திருக்கும்.

ஜிக்ஜாக் தையல் இதற்குத் தரும் தீர்வு பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். ஜிக்ஜாக்கில் இரண்டு அளவுகள் உண்டு. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே துணி முன்னே நகரும் தூரம் தையல் நீளம். ஊசி பக்கவாட்டில் தள்ளி விழும் தூரம் அகலம். நூல் போவது இந்த இரண்டுக்கும் எதிரே உள்ள சாய்ந்த கோட்டில். அகலம் 2 மில்லிமீட்டர், நீளம் 1.5 மில்லிமீட்டர் என்று வைத்தால் சாய்கோடு √(2² + 1.5²), அதாவது சரியாக 2.5 மில்லிமீட்டர். துணி 1.5 மில்லிமீட்டர் நகர்வதற்குள் 2.5 மில்லிமீட்டர் நூல் உள்ளே போயிருக்கிறது. துணியை இழுக்கும்போது அந்தச் சாய்கோடு நிமிர்ந்து நேராகிறது. முழுவதும் நேராகிவிட்டால் 1.5 என்பது 2.5 ஆகும், கணக்கில் 67 சதவீத நீட்சி. நமக்கு வேண்டிய 55 அதற்குள் அடங்குகிறது.

உண்மையில் நூல் முழுவதும் நேராகிவிடாது. நடுவில் மாட்டிக்கொண்ட துணி அதை எதிர்த்துத் தள்ளும். அந்தக் குறையை நூலின் சொந்த நீட்சியும் தடிமனுக்குள் இறங்கிய நூலும் ஓரளவு ஈடு செய்துவிடுகின்றன. ஆகவே இந்தக் கணக்கை நல்ல மதிப்பீடாக எடுத்துக்கொள்ளலாம். இதே கணக்கில் அகலம் 1, நீளம் 2.5 என்று போட்டுப் பார்த்தால் நூலின் நீளம் 2.7 மில்லிமீட்டர்தான், வடிவத்தால் கிடைக்கும் கூடுதல் வெறும் 8 சதவீதம். பார்வைக்கு ஜிக்ஜாக், குணத்தில் நேர்த்தையல். “ஜிக்ஜாக் போட்டும் அறுந்துபோச்சு” என்று சொல்கிறவர்கள் அநேகமாக இந்த இரண்டாவது வகையைத்தான் போட்டிருப்பார்கள். அகலத்தைக் கூட்டுவதைப் போலவே நீளத்தைக் குறைப்பதும் பலன் தரும் என்பதை இந்தத் தேற்றம் சொல்லிவிடுகிறது. துணிகளைச் சேர்க்கும் தையலுக்கு நீளத்தைக் குறைப்பதே நல்லது. ஏனென்றால் சேர்ப்புத் தையலில் அகலம் கூடினால் இழுக்கும்போது இரண்டு துணிகளும் விலகி, இடையில் நூல் தெரிந்து, தையல் பல்லிளிக்கும்.

ஓவர்லாக் மெஷின் இருந்தால் சேர்ப்புத் தையலுக்கு அதுவே முதல் தேர்வு. திருப்பூரில் பனியன் தைக்கும் அதே நான்கு நூல் ஓவர்லாக்தான். அதில் இரண்டு லூப்பர் நூல்கள் துணியின் ஓரத்தைச் சுற்றி வளைந்து போவதால் அவற்றில் நூல் தாராளமாக இருக்கிறது. அறுவதென்றால் முதலில் அறுவது ஊசி நூல்கள். ஆகவே ஊசி நூலின் இறுக்கத்தை ஒரு சுற்று தளர்த்தி, சென்டிமீட்டருக்கு ஐந்து தையல் வரும்படி வைத்தால் நன்றாக இழுபடும். விளிம்பை மடித்து அடிக்கும் இரட்டை ஊசித் தையலுக்கு பேட்லாக் மெஷின். இவை இரண்டும் இல்லாத வீட்டில் ஜிக்ஜாக் போதும். அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

நூல் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் நனைந்து நனைந்து நலிந்துவிடும். நைலான் நூல் நன்றாக இழுபடும் என்றாலும் குளோரினையும் வெயிலையும் பாலியெஸ்டர் அளவுக்குத் தாங்காது.

இத்தனையும் சரியாக வைத்தும் மெஷின் தையல் விட்டுவிட்டுப் போகலாம். மூன்று தையல் விழும், ஒன்று விழாது. மெஷின் பழுது என்று பலர் மெக்கானிக்கைக் கூப்பிடுவது இந்தக் கட்டத்தில்தான். நடப்பது வேறு. ஊசி கீழே இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கும்போது, அதன் பின்பக்கம் நூல் சற்றே உப்பி ஒரு சிறு வளையமாகிறது. அந்த வளையத்தைத்தான் அடியிலுள்ள கொக்கி பிடிக்கிறது. ஸ்பான்டெக்ஸ் துணி ஊசியை இறுகப் பற்றிக்கொள்வதால் ஊசி ஏறும்போது துணியும் கூடவே ஏறுகிறது. நூலும் ஊசியோடு போய்விடுவதால் வளையம் உண்டாவதில்லை. கொக்கி வெறுங்கையோடு சுற்றுகிறது. ஸ்ட்ரெச் ஊசி என்று விற்கும் 75-ஆம் எண் ஊசியில் கண்ணுக்குப் பின்புறம் ஆழமான பள்ளம் இருக்கும். கொக்கி ஊசிக்கு மிக அருகில் வந்து சின்ன வளையத்தையும் பிடித்துவிடும். முனையும் உருண்டையாக இருப்பதால் பின்னலின் கண்ணிகளைக் கிழிக்காமல் விலக்கிவிட்டு நுழையும். பழைய கூர் ஊசியால் தைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தால் தையலை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் அறுந்த ஒரு கண்ணி. அங்கிருந்து பின்னல் ஏணிபோல் ஓடிவிடும்.

உடையை வெட்டுவதற்கு முன் துண்டுத் துணியில் 10 சென்டிமீட்டர் தைத்து, 16 சென்டிமீட்டருக்கு இழுத்து, இருபது முறை திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். நூல் அறுந்தால் நீளத்தைக் குறைக்க வேண்டும். விட்டபிறகு தையல் அலை அலையாக நின்றால், தைக்கும்போது பாதம் துணியை அழுத்தி இழுத்திருக்கிறது. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

இனி லைனிங். இது எதற்கு என்ற கேள்விக்கு விடை ஒளியியலில் இருக்கிறது. வெளிர்நிறத் துணி காய்ந்திருக்கும்போது மறைக்கிறது, நனைந்தால் காட்டிக்கொடுக்கிறது. நைலான் இழை தன்னளவில் கண்ணாடி மாதிரி ஒளி புகும் பொருள்தான். ஆயிரக்கணக்கான இழைகளின் பரப்பில் ஒளி பட்டுப் பட்டுச் சிதறுவதால்தான் துணி வெண்மையாகத் தெரிகிறது. எவ்வளவு சிதறும் என்பதை இழையின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சூழ்ந்த ஊடகத்தின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. நைலானின் எண் சுமார் 1.53, காற்று 1, நீர் 1.33. காற்றிலிருந்து நைலானின்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாகத் திரும்புகிறது. இழைகளுக்கு இடையே நீர் நிரம்பிவிட்டால் அது நூற்றுக்கு அரைப் பங்காகக் குறைகிறது. ஒன்பதில் ஒரு பங்கு! மிச்ச ஒளி உள்ளே போய்த் தோலில் பட்டுத் திரும்பி வருகிறது. போதாததற்கு, உடம்பின்மேல் துணி இழுபட்டுக் கண்ணிகளும் அகன்றிருக்கின்றன.

வெள்ளைத் துணிக்கு வெள்ளை லைனிங் வைத்தால் பயன் குறைவு என்பதும் இதிலிருந்தே புரியும். லைனிங்கும் நனையும், அதுவும் ஒளியை விடும். தோலின் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தில் லைனிங் வைத்தால், ஊடுருவிய ஒளி எங்கும் ஒரே நிறத்தில் திரும்பி வரும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சோதிக்க ஒரு செய்தித்தாள் போதும். துணியையும் லைனிங்கையும் சேர்த்து நனைத்து, பத்தைப் பதினைந்தாக இழுத்து, அச்சடித்த பக்கத்தின்மேல் வைக்க வேண்டும். தலைப்பு எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த ஜோடி உதவாது.

லைனிங் என்றதும் சுடிதார் லைனிங் ஞாபகத்தில் நெய்த துணியை எடுத்துவிடக்கூடாது. அது இழுபடவே இழுபடாது. பின்னிய நைலான் அல்லது பாலியெஸ்டர் லைனிங்கிலும் எல்லாம் ஒன்றல்ல. நம் கணக்கில் மேல்துணி 60 தருகிறது. லைனிங் 10 சென்டிமீட்டரில் 14-க்கு வந்து நின்றுவிடுகிறது என்றால் அது 40. உடையின் நீட்சி இப்போது 40 ஆகிவிட்டது. 62 சென்டிமீட்டர் இடைப்பகுதி 87-ஐத் தாண்டாது; 96-க்கு ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் லைனிங் கிழியும் அல்லது அதைப் பிடித்திருக்கும் தையல் போகும். ஆகவே லைனிங்கின் நீட்சி மேல்துணியின் நீட்சிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். அதிக நீட்சி உள்ள திசை இரண்டிலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்க வேண்டும்.

தைக்கும் முறையில் நான் விரும்புவது, லைனிங்கை மேல்துணியின் அதே பேட்டர்னில் வெட்டி, அதற்கெனத் தனியாகப் பக்கத் தையல்களைப் போட்டு, இரண்டு உடைகளாக ஒன்றுக்குள் ஒன்றை வைப்பது. மேல்துணியின் மடிப்பு ஓரங்களும் லைனிங்கின் மடிப்பு ஓரங்களும் நடுவில் மறைந்துவிடும். தோலில் எதுவும் உராயாது. பிறகு கழுத்து, கை, கால் ஆகிய வாய்களில் இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, அகலமான தளர்ந்த ஜிக்ஜாக்கால் ஓர் ஓட்டு ஓட்டி ஒன்றாக்கிவிட வேண்டும். கவட்டுப் பகுதியிலும் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீரிலிருந்து ஏறும்போது லைனிங்குக்கும் துணிக்கும் நடுவே தண்ணீர் பையாகத் தேங்கித் தொங்கும்.

இப்போது குளோரின். நீச்சல்குளத்தில் போடும் குளோரின் மருந்து நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. பராமரிக்கப்படும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லும் இந்த அமிலம் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் இடங்களைத் தேடிப் பிடிக்கிறது. ஸ்பான்டெக்ஸின் கெட்டியான பகுதிகளில் இருப்பவை அவைதான். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரின் உட்கார்ந்துகொண்டால் பக்கத்து இழையோடு இருந்த கைகோப்பு விட்டுப்போகிறது. இழுத்தால் இழைகள் வழுக்குகின்றன, விட்டால் திரும்புவதில்லை. நாளடைவில் இழையே அறுகிறது. நைலானிலும் அதே பிணைப்புகள் உண்டு. ஆனால் அதன் இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் அமிலம் அவ்வளவு எளிதில் உள்ளே நுழைவதில்லை. அதனால்தான் பழைய நீச்சலுடையில் துணி கிழியாமல் இருந்தும் உயிர் போயிருக்கும். பின்பக்கத் துணியை வெயிலில் பிடித்து இழுத்துப் பாருங்கள். அறுந்த ஸ்பான்டெக்ஸ் முனைகள் பளபளக்கும் சின்ன மயிர்களாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

உற்பத்தியாளர்கள் இதற்கு இரண்டு வழிகள் கண்டிருக்கிறார்கள். ஒன்று, ஸ்பான்டெக்ஸ் இழைக்குள்ளேயே துத்தநாக ஆக்சைடு, ஹைட்ரோடால்சைட் போன்ற தாதுப் பொடிகளைக் கலந்து குளோரினின் தாக்குதலை மட்டுப்படுத்துவது. மற்றது, ஸ்பான்டெக்ஸையே விட்டுவிட்டு பிபிடி என்ற பாலியெஸ்டர் வகையைப் பாலியெஸ்டரோடு சேர்த்துப் பின்னுவது. பிபிடியில் குளோரின் பிடித்துக்கொள்ள நைட்ரஜனே இல்லை. தினமும் பயிற்சி எடுக்கும் நீச்சல் வீரர்கள் இதைத்தான் அணிகிறார்கள். ஆனால் அதன் நீட்சி குறைவு. நம் உடையை 40 சதவீதம் நீளும் பிபிடி துணியில் தைப்பதென்றால் 96-ஐ 1.4-ஆல் வகுக்க வேண்டும். இடைச் சுற்றளவு குறைந்தது 69 சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். 62-இன் பேட்டர்னை அப்படியே வைத்து வெட்டினால் போடவே முடியாது.

துணிக்குச் சொன்னது எலாஸ்டிக்குக்கும் பொருந்தும். ஆனால் இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. பெட்டிக்கோட், பைஜாமாவுக்கு வாங்கும் எலாஸ்டிக்கில் மெல்லிய ஸ்பான்டெக்ஸ் அல்லது ரப்பர் இழைகள் பாலியெஸ்டர் பின்னலுக்குள் ஓடுகின்றன. குளத்து நீரில் அது சீக்கிரம் லூசாகிவிடும். காதருகே வைத்து இழுத்தால் உள்ளே கறகறவென்று சத்தம் கேட்கும். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன. நீச்சலுடைக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது வெறும் ரப்பர் பட்டை. ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் அளவில் தடிமன். இயற்கை ரப்பரையும் குளோரின் தாக்கத்தான் செய்யும். கையுறைத் தொழிற்சாலைகளில் ரப்பர் கையுறை ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றே குளோரின் நீரில் முக்கி எடுக்கிறார்கள். மேற்பரப்பு மட்டும் மாறி வழவழப்பாகிவிடும். பட்டையிலும் அதேதான் நடக்கிறது. தாக்குதல் மேல்தோலோடு நிற்கிறது, அடியில் உள்ள ரப்பர் ரப்பராகவே இருக்கிறது. துணிக்குள் ஓடும் ஸ்பான்டெக்ஸ் இழையின் விட்டம் 0.07 மில்லிமீட்டர் அளவுதான். அதன் கன அளவோடு ஒப்பிட்டால் வெளியே தெரியும் பரப்பு ரப்பர் பட்டையைவிட ஏறக்குறைய பதினான்கு மடங்கு. மேல்தோல் போனால் அதற்கு எல்லாமே போனது.

ரப்பருக்கு எமன் எண்ணெய். தலையில் வைத்த தேங்காய் எண்ணெயும் உடம்பில் பூசிய சன்ஸ்க்ரீனும் கழுத்து விளிம்பில் ஊறினால் ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, இழுவிசையை இழக்கும். இழுத்த நிலையில் வெயிலில் கிடந்தால் குறுக்கே வெடிப்புகள் விழும். அதனால் கம்பியில் தொங்கவிடாமல் நிழலில் கிடத்திக் காயவைப்பது நல்லது. குளோரினைத் தாங்கும் எலாஸ்டிக் என்று ஒன்றை வாங்கினால் வீட்டிலேயே பரிசோதித்துவிடலாம். ஐந்து சதவீத பிளீச் திரவம் ஒரு மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைச் சுற்றி எலாஸ்டிக்கைப் பாதி இழுத்துக் கட்டி அதில் முக்கிவைத்து, தினமும் நீரை மாற்றி, சில நாள் கழித்து எடுத்து, அதே சுருளில் வெட்டிய புதுத்துண்டோடு அளந்து பார்க்க வேண்டும். வினிகரோ வேறு அமிலமோ அதில் சேரக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இனி எலாஸ்டிக்கைக் கால் வாயில் பொருத்துவோம். ஒரு காலின் வாய் 56 சென்டிமீட்டர். முன்பக்கம் 24, பின்பக்கம் 32. முன்பக்கத்தில் எலாஸ்டிக்கை இழுக்கக்கூடாது. 24-க்கு 24. அங்கே தொடை மடங்கும் இடம். இறுக்கினால் தோலில் வெட்டும். பின்பக்கம் மட்டும் 85 சதவீதம்: 32-க்கு 27. சீட்டுக்குக் கீழே துணி மேலேறாமல் பிடித்திருப்பது இந்த 5 சென்டிமீட்டர் வித்தியாசம்தான். மொத்தம் 51, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க 1. ஆக 52 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளலாம். எலாஸ்டிக்கிலும் துணியிலும் பக்கத் தையலுக்கும் கவட்டுக்கும் நேராகப் பேனாவால் குறி போட்டுவிட வேண்டும். குறி இல்லாமல் ‘சமமாக இழுத்து’ வைத்தால் முன்னும் பின்னும் ஒரே இறுக்கமாகி, கணக்கு முழுவதும் கெட்டுப்போகும்.

லைனிங் பக்கத்தில், விளிம்போடு விளிம்பாக எலாஸ்டிக்கை வைத்து முதல் ஓட்டு. பின்பக்கம் வரும்போது எலாஸ்டிக்கை மட்டும் முன்னாலிருந்து இழுத்துக் குறியைக் குறியோடு சேர்க்க வேண்டும். துணியையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒன்றாக நீண்டு, விட்டதும் விளிம்பு அப்பளமாக நெளியும். ஊசிக்குப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி முறியும்.

தையலின் அளவு இங்கே 4 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் நீளம். சாய்கோடு 5. ஐந்தை மூன்றால் வகுத்தால் 1.67, முன்பு சேர்ப்புத் தையலில் வந்த அதே 67 சதவீதம். அதே முக்கோணத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம். நீட்சி மாறவில்லை, ஊசிக் குத்துகள் மட்டும் பாதியாகிவிட்டன. ரப்பரில் இது முக்கியம். 1.5 மில்லிமீட்டருக்கு ஒரு குத்து விழுந்தால் நாட்காட்டித் தாளைக் கிழிப்பதற்காக அடித்த ஓட்டை வரிசை போல ஆகி, பட்டை அந்த வரியோடு கிழிந்துவிடும். முதல் ஓட்டு முடிந்ததும் எலாஸ்டிக்கை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து, வெளிப்பக்கத்திலிருந்து அதே அளவில் இரண்டாவது ஓட்டு. இந்த முறை எலாஸ்டிக்கின் உள் ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும். நடுவில் போனால் மடிப்பின் ஓரம் நீரில் எழும்பிப் புரளும்.

குளித்து ஏறியவுடன் உடையை நல்ல நீரில் அலசினால் துணியில் ஊறிய குளோரின் போய்விடும். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்தால் வீடு வந்து சேரும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் கால் வாய் தளரும். அப்போது துணியா எலாஸ்டிக்கா, எது போயிற்று என்று பார்க்க வேண்டும். பின்பக்கத் துணியில் 10 சென்டிமீட்டரை 15 ஆக இழுத்து விட்டால் 10-க்குத் திரும்புகிறதென்றால் துணி நன்றாக இருக்கிறது. வெளித்தையலைப் பிரித்து, எலாஸ்டிக்கை மட்டும் மாற்றிவிடலாம். புதியதை வெட்டும்போது பழைய எலாஸ்டிக்கை அளவாக வைக்கக்கூடாது. அது நீண்டுபோன அளவு. பேட்டர்ன் கையில் இருந்தால் அதன் 56-லிருந்தே மறுபடி கணக்குப் போட வேண்டும். பேட்டர்ன் இல்லையென்றால் பிரித்த விளிம்பை நனைத்துக் காயவிட்டு, அது தானாகச் சுருங்கிய பிறகு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக அளந்து, முன்னுக்குச் சமமாகவும் பின்னுக்கு 85 சதவீதமாகவும் வெட்டலாம். பழைய ஊசி ஓட்டைகள் இருக்கும் வரியிலேயே மறுபடி தைக்காமல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்தால் துணி தாங்கும்.